அரியாலைக்கு விருந்தினர் வர வேண்டுமென்றால்: ஊருக்குப் பெயர் தேடும் வேலையில் இறங்குவோருக்கு

பிரதேச சபையிலோ, பிரதேச செயலகத்திலோ, ஊர்ச் சனசமூக நிலையத்திலோ இந்த வேலை ஒருநாள் உங்கள் கையில் வந்து சேரும். “எங்கட ஊருக்கும் ஆக்கள் வர வேணும், ஏதாவது செய்யுங்கோ” என்று ஒரு கூட்டத்தில் தீர்மானம் எடுப்பார்கள். பொறுப்பு, கூட்டத்தில் வயது குறைந்தவரான உங்கள் தலையில் விழும். அடுத்த கூட்டத்துக்குள் மூன்று பொருட்களை எதிர்பார்ப்பார்கள்: ஒரு வாசகம், ஒரு இலச்சினை, வீதியோரத்தில் ஒரு பெரிய பலகை. மூன்றையும் தள்ளிப் போடுங்கள். ஒரு வருடம் தள்ளிப் போட்டாலும் நட்டமில்லை.

வாசகத்தால் என்ன ஆகும், என்ன ஆகாது என்பதற்கு நாட்டின் கதையே போதும். இலங்கை 2018 நவம்பரில் இலண்டன் சுற்றுலாச் சந்தையில் ‘சோ ஸ்ரீலங்கா’ என்ற வாசகத்தை வெளியிட்டது. அந்த ஆண்டு நாட்டுக்கு வந்தவர்கள் 23 இலட்சம் பேருக்கு மேல். ஐந்து மாதம் கழித்து உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்தன. 2019இன் மொத்த வருகை ஏறத்தாழ 19 இலட்சமாக இறங்கியது. 2023இல் வேறொரு வாசகம் வந்தது. வருகையை இறக்கியது நாட்டில் நடந்தது. திரும்ப ஏற்றியதும் நாட்டில் நடந்ததுதான்: பாதுகாப்பு, எரிபொருள், விமான சேவை. ‘தேச முத்திரை’ என்ற பேச்சை 1990களில் தொடக்கிவைத்த சைமன் அன்ஹோல்ட், பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிவருவதும் இதையே: ஓர் இடத்தின் பெயர் அது செய்வதால் உண்டாகிறது, சொல்வதால் அல்ல.

நாட்டுக்கே அப்படி என்றால், யாழ்ப்பாண நகரத்திலிருந்து நான்கைந்து கிலோமீட்டரில் கண்டி வீதியோரம் கிடக்கும் அரியாலைக்கு வாசகம் என்ன செய்யும்?

பெயரைச் சொன்னால் இன்று என்ன வருகிறது?

முதல் வேலை, உங்கள் ஊரின் பெயரைக் கேட்டதும் பிறர் மனத்தில் வருவது என்ன என்று தெரிந்துகொள்வது. ஊரவரிடம் கேட்டால் ஊர்ப்பெருமை வரும். அதனால் வெளியாரிடம் கேளுங்கள்: நல்லூர்ப் பக்கத்து விடுதி ஒன்றின் வரவேற்பாளரிடம், பேருந்து நிலைய ஆட்டோக்காரரிடம், விடுமுறைக்கு வந்த கனடாக்காரரிடம், கொழும்பிலிருந்து வரும் பயண முகவரிடம். பிறகு கைபேசியில் Ariyalai என்று தட்டி, முதல் இரண்டு பக்கங்களில் வருவதை அப்படியே எழுதி வையுங்கள்.

அரியாலைக்கு இதைச் செய்தால் வருவது இலேசான பட்டியல் அல்ல. 2020இல் கொரோனாவின் தொடக்க நாட்களில் வட மாகாணத்தில் முதலில் செய்தியானது இந்த ஊர்தான். அதைவிடப் பெரியது 2025. அந்த ஆண்டு பெப்ரவரியில், செம்மணியை அடுத்த சித்துப்பாத்தி இந்து மயானத்தில் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்வு நடந்தது. குழந்தைகள் உட்பட இருநூறுக்கு மேற்பட்டவர்களின் எலும்புக்கூடுகள் அந்த ஆண்டிலேயே அடையாளம் காணப்பட்டன. ஜூன் மாதம் ‘அணையா விளக்கு’ போராட்டம் நடந்தது, ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளர் வோல்கர் டர்க் செம்மணிக்கு வந்தார். 1998இல் நீதிமன்றத்தில் ஒரு படைச்சிப்பாய் செம்மணிப் புதைகுழிகள் பற்றிச் சொன்ன வாக்குமூலமும், 1999இல் செம்மணியில் 15 உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டதும் ஏற்கெனவே இந்தப் பெயரோடு இருப்பவை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் இங்கே இரண்டு பிழையில் ஒன்றைச் செய்யக்கூடும். ஒன்று, அதை மறைக்கப் பார்ப்பது: அழகான படங்களை நிறைய ஏற்றினால் செய்தி கீழே போய்விடும் என்று எண்ணுவது. போகாது, போகவும் கூடாது. பிள்ளையைத் தேடும் தாய்மார் உயிரோடு இருக்கும் ஊரில் அந்தச் செய்தியைக் கீழே தள்ள முனைவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். மற்றது, அதையே ‘பார்க்கும் இட’மாக்குவது. உலகில் போர் நினைவிடங்களைப் பார்க்கப் போகும் வழக்கம் உண்டு. ஆனால் அப்படி ஓர் இடம் எழுமுன் விசாரணை முடிய வேண்டும், பெயர் தெரிய வேண்டும், உறவினர் சம்மதிக்க வேண்டும். சித்துப்பாத்தியில் இவற்றில் ஒன்றும் இன்னும் முடியவில்லை.

எனவே எழுத்திலேயே ஒரு விதி வையுங்கள். உங்கள் நடைபாதை அந்தப் பக்கம் போகாது. உங்கள் துண்டுப் பிரசுரத்தில் அந்தப் படம் வராது. ஆனால் விருந்தினர் கேட்டால், வழிகாட்டி நேராகச் சொல்ல வேண்டிய நாலு வரி பயிற்சியிலேயே இருக்க வேண்டும்: என்ன கண்டெடுக்கப்பட்டது, எந்த ஆண்டு, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது, யார் காத்திருக்கிறார்கள். ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல். எப்போதாவது அங்கே நினைவிடம் ஒன்று எழுமானால், அதை யார் எப்படிப் பார்க்கலாம் என்பதை உறவினர்கள் தீர்மானிப்பார்கள். அது சுற்றுலாக் குழுவின் அதிகாரத்தில் இல்லை. இப்படி ஒரு விதி இருக்கும் ஊரை வெளியார் நம்புவார்கள். மற்றதைச் சொல்லும்போதும் நம்புவார்கள்.

எது உண்மையில் நம்முடையது?

இப்போது பலத்தைத் தேடலாம். ஊர்க்கூட்டம் வைத்துக் கேட்டால் பத்து நிமிடத்தில் முப்பது பொருள் சொல்வார்கள்: சித்திவிநாயகர் கோயில், சித்திரையில் வரும், நூற்றாண்டைக் கடந்த சுதேசியத் திருநாள் கொண்டாட்டம், விளையாட்டுக் கழகங்கள், பனை, நண்டு, இறால், பழைய நாற்சார் வீடுகள். எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் மூன்று கேள்வியால் வடியுங்கள்.

விருந்தினர் ஒருவரும் வராவிட்டாலும் இது நடக்குமா? நடக்காதென்றால் அது பலம் அல்ல, நிகழ்ச்சி; பணம் முடிந்ததும் நின்றுவிடும். இதைவிடச் சிறப்பாகப் பக்கத்து ஊரில் இருக்கிறதா? கோயிலை மட்டும் வைத்து ஆள் கூப்பிட்டால், மூன்று கிலோமீட்டரில் நல்லூர்க் கந்தன் இருக்கிறான். கடைசியாக, வருகிறவருக்கு ‘இந்த மாதம், இந்த நேரம் வந்தால் இதைக் காண்பீர்கள்’ என்று அடித்துச் சொல்ல முடியுமா?

சித்திரைக் கொண்டாட்டம் முதல் இரண்டு கேள்வியிலும் தேறும். ஆனால் அது வருடத்தில் சில நாள். அதற்கு வருகிறவர்கள் ஊரவரும் புலம்பெயர்ந்த ஊரவருமே; அவர்களுக்கு விளம்பரம் தேவையில்லை. அதை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். ஊரின் எல்லா நல்லதையும் வெளியாருக்குத் திறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மூன்று கேள்வியிலும் நிற்பது ஊரின் தெற்கு, கிழக்கு விளிம்பு: கடல்நீரேரிக் கரை. பூம்புகார், மணியந்தோட்டப் பக்கம் விடியற்காலையில் வள்ளங்கள் கரை திரும்புவதும், ஆழமில்லாத நீரில் நட்டு நிற்கும் சிறகு வலைகளும், மழைக்காலம் முடிந்ததும் சேற்றுத் திடல்களில் இறங்கும் பறவைகளும் யாருக்காகவும் நடப்பவை அல்ல. மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்கோடியில் இருக்கும் நீர்நிலைகளில் யாழ்ப்பாணக் கடல்நீரேரியும் ஒன்று. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, நெடுங்கால் உள்ளான், கூழைக்கடா, ஆலா எல்லாம் நகரத்திலிருந்து பத்து நிமிட ஆட்டோப் பயணத்தில் கிடைக்கின்றன. மன்னாருக்கோ சுண்டிக்குளத்துக்கோ போக வேண்டியதில்லை. அங்கே பறவை இதைவிட அதிகம், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அரியாலையின் பலம் எண்ணிக்கையில் இல்லை. யாழ் நகர விடுதியில் படுத்திருப்பவர் ஐந்து மணிக்கு எழும்பி, பறவையையும் கடற்றொழிலையும் ஒரே இடத்தில் பார்த்து, ஒன்பது மணிக்குள் திரும்பிவிடலாம் என்பதில்தான் இருக்கிறது.

இந்தக் கரைக்கு இன்னொரு கதையும் உண்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கே தெரியாதது. வலிகாமத்துக்கும் தென்மராட்சிக்கும் நடுவே நீளும் உப்பாற்று நீரேரி அரியாலைப் பக்கம் வந்து பெரிய கடல்நீரேரியில் சேர்கிறது. சேரும் வாயில், 1950களில் தடுப்பணை ஒன்று கட்டப்பட்டது. மழைநீரை உள்ளே தேக்கி, உவர்நீரை வெளியே நிறுத்தி, சுற்றுவட்டக் கிணறுகளை நன்னீராக்குவது நோக்கம். நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகத்தின் பெயரோடு சேர்ந்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு’ என்ற பெருங்கனவின் பகுதி அது. வடக்கே தொண்டைமானாற்றிலும் அதேபோல் ஓர் அணை. ஆனையிறவு வரை நீண்ட அந்தத் திட்டம் முழுமையாக நிறைவேறவில்லை. வற்றாத ஆறு இல்லாத ஒரு குடாநாடு, தன் உப்புக் கடலேரியையே ஆறாக்க நினைத்தது என்பதை அணையருகே நிற்கவைத்து ஐந்து நிமிடம் சொன்னால், பறவையில் ஆர்வமில்லாதவரும் கேட்டுக்கொண்டு நிற்பார். இது இட்டுக்கட்டிய கதை அல்ல. இரண்டு பக்கத்து நீரையும் அவர் கண்ணாலேயே பார்ப்பார்.

நாட்காட்டிதான் முதல் விளம்பரம்

இங்கேதான் ஊர்கள் பெரும்பாலும் சறுக்குகின்றன. யாழ்ப்பாணத்துக்குக் கூட்டம் வருவது ஜூலை, ஆகஸ்டில்; நல்லூர்த் திருவிழா 25 நாள், புலம்பெயர்ந்தோர் விடுமுறை, இரண்டும் ஒன்றாக. பறவை இருப்பது அப்போது அல்ல. ஆகஸ்டில் நீரேரி கரையோரத் திடல்களில் வற்றிப் பின்வாங்கியிருக்கும். வெடித்த சேறும் வெயிலும்தான். வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை பெய்யும். வலசைப் பறவைகள் அந்த மழையோடு வரத் தொடங்கும். ஆனால் மழை மாதங்களில் கரைப் பாதை சேறாகி, தரைக்கு மேல் வெள்ளம் நிற்கும். மழை ஓய்ந்து, பாதை காய்ந்து, பறவையும் இருக்கும் காலம் தை தொடக்கம் பங்குனி நடுப்பகுதி வரைதான். ஏறத்தாழ பத்து வாரம்.

பத்து வாரம் போதுமா என்று கேட்பார்கள். போதும். ஆகஸ்டில் வந்த ஒருவருக்குப் பூநாரைப் படத்தைக் காட்டி அழைத்து, வெறும் சேற்றைக் காட்டினால், அவர் கைபேசியிலேயே எழுதிவிடுவார். அந்த ஒரு வரி, நீங்கள் ஏற்றிய ஐம்பது படத்தையும் அடித்துவிடும். பூநாரை விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும்: அது வருகிற ஆண்டும் உண்டு, வேறு கரைக்குப் போய்விடுகிற ஆண்டும் உண்டு. முன் அட்டையில் அதைப் போடாதீர்கள். வந்தால் அது விருந்தினருக்குக் கிடைத்த போனஸ்.

ஆகஸ்டுக்கு வேறொன்றைச் சொல்லுங்கள்: வள்ளம் கரை திரும்பும் விடியல், மீன் ஏலம், தடுப்பணைக் கதை, காலைச் சாப்பாடு. பறவை என்ற சொல்லே அந்த மாதப் பதிவில் வரக்கூடாது. ஒரே கரை, இரண்டு பருவம், இரண்டு விதமான வாக்கு.

இதற்கெல்லாம் ஆதாரம் ஒரு கொப்பி. கரையில் ஒரே இடத்தில், வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் நின்று எழுத வேண்டும்: நீர் எவ்வளவு, பாதையில் வாகனம் போகுமா, என்ன பறவை ஏறக்குறைய எத்தனை, எத்தனை வள்ளம் எத்தனை மணிக்கு வந்தது, என்ன மீன். உயர்தர வகுப்பு உயிரியல் மாணவர் இருவர் இருந்தால் இதைச் செய்யலாம். பறவைக் கணக்கை eBird தளத்தில் ஏற்றுங்கள். ஓர் இடத்தைப் பறவை பார்க்கும் தலமாகச் சேர்க்கும்படி அங்கே எவரும் பரிந்துரைக்கலாம். உலகத்துப் பறவை ஆர்வலர் இலங்கைக்கு வருமுன் தேடுவது அந்தத் தளத்தைத்தான். ஒரு பருவம் முழுவதும் ஒழுங்காக ஏற்றிய பதிவு, காசு கொடுத்துப் போடும் எந்த விளம்பரத்தையும்விட அவர்களை நேரே கரைக்குக் கொண்டுவரும்.

ஒரு காலையைக் கட்டுவது

கரையை ‘அபிவிருத்தி’ செய்யத் தொடங்காதீர்கள். ஒரே ஒரு காலையைச் சரியாகக் கட்டுங்கள். ஐந்தரைக்கு நகரத்திலிருந்து ஆட்டோ. ஐந்தே முக்காலுக்குக் கரை. ஆறு மணியளவில் வெளிச்சம் வரும். கம்பூன்றித் தள்ளும் வள்ளத்தில் முக்கால் மணி நேரம். இயந்திரம் வேண்டாம்: ஆழம் இல்லை, வலை சிக்கும், பறவை எழும்பிவிடும். ஏழு மணிக்குக் கரையில் மீன் பிரிப்பதைப் பார்க்கலாம். ஏழரைக்குத் தடுப்பணை. எட்டு மணிக்கு ஒரு வீட்டு முற்றத்தில் புட்டும் மீன்குழம்பும், தேத்தண்ணியும் பனங்கட்டியும். ஒன்பதுக்குள் விடுதி.

கேட்க எளிது. உடைவது சின்னச் சின்ன இடங்களில். கரையில் மலசலகூடம் எங்கே? சாப்பாடு தரும் வீட்டின் கழிப்பறை வெளியாருக்கு ஏற்றதா? ஐந்தரைக்கு ஆட்டோ வராவிட்டால் இரண்டாவது எண் யாருடையது? உயிர்காப்பு அங்கி ஆளுக்கு ஒன்று இருக்கிறதா, குழந்தை அளவிலும் இருக்கிறதா? கரையில் கிடக்கும் பிளாஸ்ரிக் போத்தலும் கிழிந்த நைலோன் வலையும் யார் அள்ளுவது, எந்தக் கிழமை? பிரதேச சபையின் குப்பை வண்டி அந்த ஒழுங்கைக்குள் வருமா? வாசகத்துக்கு ஒதுக்கிய பணம் இருந்தால் இவற்றில்தான் போட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னே ஒன்று இருக்கிறது: கடற்றொழிலாளரின் சம்மதம். இதை அலுவலகக் கடிதத்தால் வாங்க முடியாது. கூட்டுறவுச் சங்கத் தலைவரிடம் முதலில் போங்கள். பிறகு கரையில் உள்ள ஐயாமாரோடு, வலை காயப்போட்டிருக்கும் பகல் நேரத்தில் போய் இருந்து கதையுங்கள். அவர்கள் கேட்பது நியாயமானதாகவே இருக்கும். “தம்பி, படம் எடுக்கிறது பரவாயில்லை. ஆனா மீன் பிரிக்கிற நேரம் குறுக்கால நிக்கக் கூடாது. பெண்டுகள நிப்பாட்டிப் படம் எடுக்கவும் கூடாது” என்று ஒருவர் சொன்னால், அதை அப்படியே உங்கள் விதியாக எழுதி, ஆட்டோவில் ஏறுமுன்பே விருந்தினருக்குச் சொல்லுங்கள்.

சட்டப் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. வீட்டில் தங்கவைப்பதென்றால் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிய வேண்டும். வழிகாட்டிக்கு அதே சபையின் உரிமம் உண்டு. பிரதேச வழிகாட்டிப் பயிற்சிக்கு ஊர் இளைஞர் இருவரை அனுப்புங்கள். வள்ளத்தில் ஆள் ஏற்றுவது மீன்பிடிப்பு அல்ல. அதற்கு என்ன அனுமதி வேண்டும் என்பதைக் கடற்றொழில் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வட மாகாண சுற்றுலாப் பணியகத்தைத் தொடக்கத்திலேயே கூட்டிக்கொள்வது நல்லது.

நாலு பேர் வந்தால் ஏன் கையில் ஒன்றும் மிஞ்சாது?

விலையைக் கணக்குப் பார்த்தே வையுங்கள். முறை விளங்குவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். உங்கள் கரையின் உண்மை எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். விருந்தினர் ஒருவருக்கு 5,000 ரூபாய். ஒரு வள்ளத்தில் மூன்று பேர்; வள்ளத்துக்கு 5,000. வழிகாட்டிக்கு ஒரு காலைக்கு 6,000. சாப்பாடு ஆளுக்கு 1,000.

மூன்று பேர் வந்தால் வரவு 15,000. வள்ளம் ஒன்று, வழிகாட்டி, சாப்பாடு சேர்ந்து 14,000. மிச்சம் 1,000. நாலு பேர் வந்தால் வரவு 20,000. ஆனால் இரண்டாவது வள்ளம் வேண்டும், செலவும் சரியாக 20,000. ஆள் கூடியும் மிச்சம் பூச்சியம். ஐந்து பேருக்கு 4,000, ஆறு பேருக்கு 8,000. இரண்டு பேர் என்றால் 3,000 நட்டம்.

இந்தக் கணக்கிலிருந்து மூன்று முடிவு வரும். இரண்டு பேருக்குக் குறைந்தபட்சக் கட்டணமாக 15,000 வைக்க வேண்டும். நாலு பேர் கேட்டால் இன்னும் இருவரைச் சேர்க்கும் நாளுக்கு மாற்றப் பார்க்க வேண்டும். ஆறைத் தாண்டினால் மறுக்க வேண்டும், ஏனெனில் ஒரு வழிகாட்டியால் அதற்கு மேல் பார்க்க முடியாது, முற்றத்திலும் இடம் இல்லை. மிச்சத்தில் ஒரு பங்கு கரைத் துப்புரவுக்கும் அங்கிகளுக்கும் என்று முன்பே ஒதுக்கி, சனசமூக நிலைய அறிவித்தல் பலகையில் மாதம் ஒருமுறை கணக்கு ஒட்டுங்கள். ஊரில் இப்படியான முயற்சிகள் கவிழ்வது விருந்தினர் குறைவதால் மட்டும் அல்ல. ‘ஆர் காசு எடுக்கினம்’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாதபோதும் கவிழும்.

வள்ளக்காரருக்கும் சாப்பாடு தரும் வீட்டுக்கும் அன்றைக்கே கையில் காசு கொடுங்கள். கிழமைக்கு இரண்டு காலை போதும். தொழிலை விட்டுவிட்டு விருந்தினரை நம்பும் நிலைக்கு ஒரு குடும்பத்தையும் கொண்டுவராதீர்கள். தொழில் நின்றால் காட்டுவதற்கும் ஒன்றும் இருக்காது.

கும்பளங்கி சொல்வது

இதே வகைக் கரை ஒன்று கேரளத்தில் இருக்கிறது. கொச்சிக்குத் தெற்கே, காயலால் சூழப்பட்ட கும்பளங்கி. மீனவர், நண்டு, சீனவலை, கயிறு திரிப்பவர்கள். அரியாலைபோலவே பெருநகரம் ஒன்றின் காலடியில் கிடந்த ஊர். 2003 அளவில் கேரள அரசு அதை மாதிரிச் சுற்றுலாக் கிராமமாக எடுத்தது. புதிதாக ஒன்றைக் காட்டவில்லை. இருந்த சீனவலையை, நண்டுப் பிடிப்பை, வீட்டுச் சமையலை, தங்கும் அறையாக மாறிய வீட்டு அறைகளைக் காட்டினார்கள். 2019இல் ‘கும்பளங்கி நைட்ஸ்’ திரைப்படம் வந்து பெயரை நாடெங்கும் கொண்டுபோனபோது, தேடி வந்தவர்களை ஏற்க ஊரில் வீடுகள் ஏற்கெனவே இருந்தன.

வரிசையைக் கவனியுங்கள்: வீடும் வள்ளமும் முதலில், புகழ் பிறகு. மாறி நடந்திருந்தால், படம் பார்த்து வந்தவர்கள் ஒரு நாளில் திரும்பியிருப்பார்கள். எந்த ஊருக்கும் திடீர்ப் புகழ் ஒரு காணொளியால் வரலாம். அதற்குமுன் ஆறு பேரைச் சரியாகப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அரியாலைக்கு இருக்கும் வசதி கும்பளங்கிக்கு அன்று இருந்ததைவிடக் குறைவும் அல்ல. 2014 ஒக்ரோபரில் யாழ் வரை ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஊரோரம் புங்கன்குளம் நிலையம் இருக்கிறது. பலாலிக்கும் சென்னைக்கும் இடையே விமானம், நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் என்று தமிழ்நாட்டுப் பயணிக்கும் வழி திறந்திருக்கிறது.

சொல்லும் நேரம்

ஒரு பருவம் நடத்திப் பார்த்த பிறகுதான் சொல்லத் தொடங்க வேண்டும். அப்போது வாசகம் தானே வந்து நிற்கும், அதற்கு அழகு தேவைப்படாது. “யாழ் நகரிலிருந்து பத்து நிமிடத்தில் கடல்நீரேரி விடியல். தை முதல் பங்குனி நடுவரை பறவைகளோடு. ஒரு காலையில் ஆறு பேர் மட்டும்.” இடம், நேரம், காலம், எல்லை எல்லாம் இதில் இருக்கின்றன. ‘வடக்கின் சொர்க்கம்’ என்று போட்டிருந்தால் இவற்றில் ஒன்றாவது தெரியுமா?

இந்த மூன்று வரியைப் போட வேண்டிய இடங்களும் சிலவே. கூகிள் வரைபடத்தில் கரையில் ஏறும் இடத்துக்குச் சரியான புள்ளி, தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெயர். நகர விடுதிகளின் வரவேற்பு மேசைகள். நல்லூர், பேருந்து நிலைய ஆட்டோத் தரிப்பிடங்கள். விடுதி வரவேற்பாளர்களையும் ஆட்டோக்காரர்களையும் முதல் மாதத்திலேயே இலவசமாக ஒரு காலை அழைத்துப்போங்கள். “இன்றைக்கு எங்கே போகலாம்?” என்ற கேள்வியை விருந்தினர் கேட்பது அவர்களிடம்தான், பார்த்த இடத்தைத்தான் அவர்கள் மனதாரச் சொல்வார்கள்.

படம் போடும்போது அந்த மாதப் படத்தையே போடுங்கள். ட்ரோன் வேண்டாம்: அதற்குத் தனி அனுமதி வேண்டும், கரையில் குந்திய பறவைக் கூட்டமும் கலைந்துவிடும்.

சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்?

வந்தவர்களின் தொகையை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். நான் பார்க்கச் சொல்வது மூன்றை. இந்த மாதம் வந்தவர்களில், முன்பு வந்த ஒருவர் சொல்லி வந்தவர் எத்தனை? அந்த எண் ஏறவில்லை என்றால் காலையில் எங்கோ கோளாறு இருக்கிறது, விளம்பரத்தில் இல்லை. இரண்டாவது, வள்ளக்காரர்களில் எத்தனை பேர் அடுத்த பருவத்துக்கும் பெயர் கொடுத்தார்கள்? அவர்கள் சத்தமில்லாமல் விலகத் தொடங்கினால், கரையில் யாரோ வருத்தப்பட்டிருக்கிறார்கள். உடனே போய்க் கேட்க வேண்டும். மூன்றாவது, கொப்பியில் பறவைக் கணக்கு. வள்ளம் போகும் திடலில் மட்டும் பறவை குறைந்து, மறு திடலில் குறையாமல் இருந்தால், நீங்கள் மிக அருகில் போகிறீர்கள். பாதையைப் பின்னுக்கு எடுங்கள்.

கூட்டத்தில் இதை வைத்தால் முதலில் முகம் சுளிப்பார்கள். ஒரு காலைக்கு ஆறு பேர், கிழமைக்கு இரண்டு காலை, பத்து வாரம்: 120 பேர். “இவ்வளவுதானா?” என்பார்கள். அந்த 120 பேரும் நகர விடுதிக்குத் திரும்பி என்ன சொன்னார்கள் என்பதை அடுத்த கூட்டத்தில் எழுத்தில் கொண்டுபோய் வையுங்கள். பலகை கேட்டவர்களுக்கு அதுவே பதில்.

இன்று உங்கள் மேசையில் இந்த வேலை இருக்கிறதென்றால், இலச்சினை வரைபவரைக் கூப்பிடுமுன் ஒரு கொப்பி வாங்குங்கள். வருகிற சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்குக் கரைக்குப் போய், முதல் பக்கத்தில் திகதியையும் நீர்மட்டத்தையும் வந்த வள்ளங்களையும் எழுதுங்கள். அடுத்த சனிக்கிழமையும் அதே இடத்துக்கு, அதே நேரத்துக்குப் போங்கள்.